அன்பளிப்பைக் கடனாக மாற்றி எழுதிய கணக்கு

கணக்குத் தணிக்கை என் தொழில். பிறருடைய பேரேடுகளைப் புரட்டி, எந்தப் பதிவுக்குச் சான்று இல்லை, எந்தத் தொகை தவறான தலைப்பில் ஏறியிருக்கிறது என்று பார்ப்பதில் பல ஆண்டுகள் போயிருக்கின்றன. அப்படிப்பட்ட நான், என் வீட்டுக்குள், என் மனைவிக்குத் தெரியாமல், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஒரு கணக்கை மனத்துக்குள் வைத்திருந்தேன். யார் எத்தனை முறை பாத்திரம் துலக்கினார்கள், யார் குழந்தைக்காக இரவில் எழுந்தார்கள், யாருடைய உறவினருக்காக யார் விடுப்பு எடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. வேறு எவராவது அப்படியொரு கணக்கை என் மேசையில் கொண்டுவந்து வைத்திருந்தால் முதல் பக்கத்திலேயே திருப்பி அனுப்பியிருப்பேன்.

அது தொடங்கிய விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழுத் தவறும் அந்தத் தொடக்கத்திலேயே இருந்தது. என் மனைவி வேலை பார்த்துக்கொண்டே ஒரு தொழில்முறைத் தேர்வுக்குப் படித்தாள். ஆறு மாதங்கள். அந்த ஆறு மாதமும் மாலை ஏழு மணிக்குப் பிறகு வீட்டில் எதையும் அவள் தொட வேண்டாம் என்று சொன்னவன் நான்தான், அவள் கேட்கவில்லை. மகளுக்கு அப்போது நான்கு வயது. அவளைக் குளிப்பாட்டித் தூங்கவைப்பது, சமையலறையை ஒழுங்குசெய்வது, மறுநாளுக்கான துணிகளை எடுத்துவைப்பது எல்லாவற்றையும் நான் செய்தேன். மனமுவந்துதான் செய்தேன், அந்த நாட்களில் எனக்கு எந்தக் குறையும் இருந்ததாக நினைவில்லை. அவள் தேர்ச்சி பெற்றாள். இருவரும் மகிழ்ந்தோம்.

அதற்கு ஒரு மாதம் கழித்து, ஓர் இரவு, நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது அவள் கூடத்தில் அமர்ந்து கைப்பேசியில் எதையோ பார்த்துச் சிரித்தாள். அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு என் காதில் விழுந்த நொடியில், 'ஆறு மாதம் நான் பார்த்தேனே, இப்போதாவது எழுந்து வரக்கூடாதா' என்று மனம் கேட்டது. அதுதான் முதல் பதிவு.

நன்கொடையாகக் கொடுத்த தொகையைப் பின்னர் ஒருநாள் கடன் என்ற தலைப்புக்கு மாற்ற வேண்டுமென்றால், வாங்கியவர் அதை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். நான் அந்த ஆறு மாதத்தைக் கொடுத்தபோது அது அன்பளிப்பு. ஒரு மாதம் கழித்து அதைக் கடனாக மாற்றி எழுதிக்கொண்டேன், வட்டியும் போட்டேன், ஆனால் கடன்பட்டவளிடம் சொல்லவே இல்லை. அவள் தன்பாட்டுக்கு நிம்மதியாக இருந்தாள். அந்த நிம்மதியே எனக்கு அடுத்த பதிவாயிற்று.

இப்படிப்பட்ட கணக்கு பெருகும் விதம் விசித்திரமானது. வேலை செய்வது எனக்குச் சுமையாக இருக்கவில்லை. அவள் கவனிக்கிறாளா என்று பார்ப்பதுதான் சுமையாயிற்று. கொஞ்ச நாளில் நான் அவளுக்குத் தெரியாமல் சோதனைகள் வைக்கத் தொடங்கினேன். குப்பைக்கூடை நிரம்பியிருந்தால், நான் எடுக்காமல் விட்டு, எத்தனை நாளில் அவள் எடுக்கிறாள் என்று எண்ணினேன். குளியலறை விளக்கு எரியாமல் போனபோது நான்கு நாட்கள் இருட்டிலேயே குளித்தேன். அவள் எடுத்தால், மாற்றினால், அதை நான் எழுதிக்கொள்ளவில்லை. அது அவள் செய்ய வேண்டிய வேலை. எடுக்காவிட்டால் எழுதிக்கொண்டேன். பற்றுப் பக்கம் மட்டும் உள்ள பேரேடு அது. அவளுக்கு எதையும் வரவு வைக்க அதில் இடமே இருக்கவில்லை.

ஒருவர் இந்த நிலைக்கு வந்துவிட்டார் என்பதற்கு என் அனுபவத்தில் மிகத் தெளிவான அறிகுறி இதுதான்: துணை ஒரு தவறு செய்யும்போது வருத்தத்தோடு சிறிய திருப்தியும் எழும். 'பார், நான் சொன்னது சரியாகப் போயிற்று' என்ற திருப்தி. சண்டை வருவதற்கு முன்பே இது வந்துவிடுகிறது. நான் அதைக் கவனித்தேன், ஆனால் அதற்கு என்ன பொருள் என்று யோசிக்கவில்லை.

பிறகு அந்த மழை நாள். மதியம் மூன்று மணி இருக்கும். மொட்டைமாடிக் கொடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. மகளின் பள்ளிச் சீருடையும் அதில் இருந்தது. வானம் கறுத்து, காற்று மாறி, முதல் துளிகள் ஜன்னல் கம்பியில் தெறித்தன. நான் ஜன்னலருகில்தான் நின்றிருந்தேன். மனைவி உள்ளே அலுவலகத் தொலைபேசி அழைப்பில் இருந்தாள். கதவு திறந்தே இருந்ததால் மழை வரும் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும் என்று கணக்குப் போட்டேன். போன இரண்டு முறையும் நான்தான் துணி எடுத்திருந்தேன். எனவே நின்றேன். சீருடையின் கை ஒருபக்கமாகக் கனத்துத் தொங்கத் தொடங்கியதை என் கண்ணால் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவள் அழைப்பை முடித்து வெளியே வந்து, "மழை வர்றது தெரியலையா?" என்றாள். "தெரிஞ்சுது. ஒவ்வொரு தடவையும் நானேதான் எடுக்கணுமா?" என்றேன். அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் வெளியே வந்தன. தேதி வாரியாகச் சொன்னேன். அது எனக்கே வியப்பாக இருந்தது. விளக்கு, குப்பைக்கூடை, அவளுடைய தம்பி வந்து தங்கிய ஒன்பது நாட்கள், நான் காய்ச்சலோடு பாத்திரம் துலக்கிய ஒரு திங்கட்கிழமை, எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ஆறு மாதம். நம் மொழியில் இதற்குப் பொருத்தமான சொல் இருக்கிறது: சொல்லிக்காட்டுதல். செய்ததைச் சொல்லிக்காட்டியவுடன் செய்தது அழிந்துபோகிறது என்பதை அன்று அவள் முகத்தில் பார்த்தேன். அவள் சண்டை போடவில்லை. "அந்த ஆறு மாசத்துக்கு நான் எவ்வளவு தரணும்னு சொல்லிடுங்க. ஒரேயடியா தந்துடறேன்," என்றாள். சொல்லிவிட்டு மாடிக்குப் போய் நனைந்த துணிகளை எடுத்து வந்தாள்.

அடுத்த இரண்டு வாரங்களைப் பற்றி எழுத அதிகமில்லை. அளவுக்கு மீறிய மரியாதையோடு பேசிக்கொண்டோம். அவள் என்னிடம் எந்த உதவியும் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஒவ்வோர் உதவிக்கும் பின்னால் ஒரு ரசீது இருக்கும் என்று தெரிந்துகொண்டவள் வேறு எப்படி நடந்துகொள்வாள்?

தொழில்முறையில், இரு தரப்பினரின் கணக்குகள் முரண்பட்டால் நாங்கள் முதலில் செய்வது நிலுவையை உறுதிசெய்யக் கேட்பது: 'எங்கள் ஏட்டின்படி நீங்கள் தர வேண்டியது இவ்வளவு, உங்கள் ஏட்டில் எவ்வளவு இருக்கிறது?' இந்த எளிய கேள்வியை நான் வீட்டில் ஒருமுறையும் கேட்டதில்லை என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மன்னிப்புக் கேட்ட பிறகு, இருவரும் தனித்தனியாக எழுதிப் பார்ப்போமா என்று கேட்டேன். தயங்கித்தான் ஒப்புக்கொண்டாள்.

நாங்கள் செய்தது புதிதான ஒன்றல்ல. மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இரு உளவியலாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 37 தம்பதியரிடம் வீட்டு வாழ்க்கை சார்ந்த 20 செயல்களைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் தம் பங்கு எவ்வளவு என்று கணவனையும் மனைவியையும் தனித்தனியே குறிக்கச் சொன்னார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் 16 செயல்களில் முழு அளவைத் தாண்டியது. இதைத் தற்பெருமை என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் சண்டைக்குக் காரணமாவது போன்ற நல்லதல்லாத செயல்களிலும் தம் பங்கையே அதிகமாகக் காட்டினார்கள். நான் செய்த வேலையின் களைப்பும் நேரமும் என் உடம்பில் பதிந்திருக்கின்றன. நான் வீட்டில் இல்லாத வேளையில் அவள் செய்தது எனக்குத் தெரிவதற்கே வழியில்லை. பொய் சொல்லாமலே தவறான கணக்கை எழுத இது போதும்.

எங்கள் தாள்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தோம். நான் 15 வேலைகளை எழுதியிருந்தேன், அவள் 19. இருவர் பட்டியலிலும் இருந்தவை 11. அவற்றில் எட்டில் இருவரின் விழுக்காடும் சேர்ந்து நூறைத் தாண்டின. பாத்திரம் துலக்குவதில் என் பங்கு 70 என்று நான் எழுதியிருந்தேன். தன் பங்கு 55 என்று அவள் எழுதியிருந்தாள். அதுவரை நாங்கள் சிரித்துக்கொண்டே பார்க்க முடிந்தது. நூறுக்குக் கீழே போன இரண்டுதான் எங்களை யோசிக்கவைத்தன. பள்ளியிலிருந்து வரும் தகவல்களுக்குப் பதில் அனுப்புவதில் எனக்கு 20, அவளுக்கு 70. மிச்சமிருந்த பத்தை இன்னொருவர் பார்த்துக்கொள்வதாக இருவருமே நினைத்திருந்தோம். சென்ற ஆண்டு ஒரு விண்ணப்பத்தின் கடைசித் தேதியைத் தவறவிட்டு ஒருவரையொருவர் குற்றம் சாட்டியது அந்த இடைவெளியில்தான்.

ஆனால் என்னை உண்மையில் அசைத்தது, அவள் பட்டியலில் மட்டும் இருந்த எட்டு வேலைகள். அவற்றுள் ஒன்று 'மகளின் காலணி'. அதைப் பார்த்தவுடன் நான் மறுத்தேன். காலணி வாங்கிக்கொடுத்தது நான். வெயிலில் அலைந்து இரண்டு கடை ஏறி இறங்கியது நான். என் மனக்கணக்கில் அது தேதியோடு இருந்தது. அவள் பொறுமையாகச் சொன்னாள். குழந்தை ஓடும்போது காலை இழுத்து வைக்கிறாள் என்று பார்த்தது அவள். கட்டைவிரலால் நுனியை அழுத்திப் பார்த்து இடமில்லை என்று உணர்ந்தது அவள். அளவைக் குறித்துக்கொண்டு, பள்ளியில் எந்த நிறம் மட்டும் அனுமதி என்று கேட்டு, என்னிடம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுத்தது அவள். வாங்கி வந்த பிறகு குதிகாலில் உரசுகிறதா என்று ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்ததும், பழையதைச் சுத்தம் செய்து இன்னொரு குழந்தைக்குக் கொடுத்ததும் அவள். நான் செய்தது அந்தச் சீட்டோடு கடைக்குப் போனது.

அலிசன் டேமிங்கர் என்ற சமூகவியலாளர் 2019இல் எழுதிய கட்டுரையில், வீட்டைப் பற்றிச் சிந்திக்கும் உழைப்பை நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்: தேவை வரப்போகிறது என்று முன்கூட்டியே உணர்வது, அதற்கு என்ன வழிகள் உண்டு என்று தேடுவது, முடிவெடுப்பது, முடிந்ததா என்று கண்காணிப்பது. காலணி விஷயத்தில் இந்த நான்கில் ஒன்றுகூட என்னுடையதல்ல. இத்தகைய உழைப்புக்குக் கைகால் அசைவதில்லை என்பதால் யார் கணக்கிலும் அது ஏறாது, செய்கிறவரின் கணக்கில்கூட முழுமையாக ஏறாது. என் தரப்பையும் சொல்ல வேண்டும்: இரவில் கதவுகளைப் பூட்டிப் பார்ப்பது, வண்டியின் காப்பீட்டைப் புதுப்பிப்பது, வரிக் கணக்குத் தாக்கல் செய்வது உட்பட என் பட்டியலில் மட்டும் இருந்த நான்கு வேலைகளை அவள் ஒருபோதும் நினைத்துப் பார்த்ததில்லை என்று ஒப்புக்கொண்டாள்.

இதற்குப் பிறகு நாங்கள் எடுத்த முதல் முடிவு தவறானது. எல்லாவற்றையும் வெளிப்படையாக வைத்துவிட்டால் பிரச்சினை தீரும் என்று நினைத்து, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஓர் அட்டவணை ஒட்டினோம். எனக்கு நீல மை, அவளுக்குச் சிவப்பு. மூன்றாவது வாரத்தில், பாதி மடித்த துணிக்கு முழு அடையாளம் போடலாமா என்று வாதாடிக்கொண்டிருந்தோம். இரகசியக் கணக்கு பொதுக் கணக்காகியிருந்தது, அவ்வளவுதான். மார்கரெட் கிளார்க் என்ற உளவியலாளர் 1984இல் வெளியிட்ட சோதனை ஒன்று இங்கே பொருந்துகிறது. இருவர் சேர்ந்து எண்கள் நிறைந்த கட்டத்தில் குறிப்பிட்ட வரிசைகளைக் கண்டுபிடித்து வட்டமிட வேண்டும். பரிசு இருவருக்கும் சேர்த்து. முதலாமவர் ஒரு நிறப் பேனாவில் குறித்திருப்பார். இரண்டாமவராக வந்தவர் அந்நியரோடு இணைக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் வேறு நிறப் பேனாவை எடுத்தார், தன் பங்கு தனியாகத் தெரிய வேண்டுமே! நண்பர்களிடம் அந்தப் போக்கு இல்லை. இதைப் படித்தபோது எங்கள் நீலமும் சிவப்பும் நினைவுக்கு வந்தன. அட்டவணையைக் கிழித்துவிட்டோம்.

இப்போது எங்களிடம் நிலைத்திருப்பவை இரண்டு மூன்று வழக்கங்கள்தான். ஒரு வேலையை எடுத்துக்கொண்டால் முழுவதுமாக எடுத்துக்கொள்வது, அதாவது தேவையைக் கவனிப்பதிலிருந்து முடிந்ததா என்று பார்ப்பது வரை ஒருவரிடமே இருக்கும், மற்றவர் மேற்பார்வை பார்க்கக் கூடாது. பங்கு சமமா என்று எண்ணத் தேவையில்லை; யாருடையது என்பது தெளிவாக இருந்தால் சோதனை வைத்துக் காத்திருக்க இடமில்லாமல் போகிறது. காலணி இப்போது என்னுடையது. இரண்டாவது, கூடுதலாக ஏதாவது செய்யும்போது அது எந்தத் தலைப்பில் ஏறும் என்பதைச் செய்வதற்கு முன்பே சொல்லிவிடுவது. 'இன்றைக்கு நான் பார்த்துக்கொள்கிறேன், சும்மாதான்' என்றால் அது அன்பளிப்பு. பிறகு அதை எடுத்துப் பேச எனக்கு உரிமையில்லை. 'இன்றைக்கு நான், சனிக்கிழமை நீ' என்றால் அது கைம்மாற்று. கைம்மாற்றுக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் முதலிலேயே அப்படிக் கேட்டிருந்தால் அவள் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டிருப்பாள்.

குறை இருந்தால் அன்றைக்கே, செய்ய வேண்டியதை மட்டும் சொல்வது மூன்றாவது. 'நீ எப்போதும் இப்படித்தான்' என்ற வாக்கியம் வாயில் வந்தால் நான் ஏட்டிலிருந்து வாசிக்கிறேன் என்று பொருள். 'இன்றிரவு குப்பையை நீ கொண்டுபோய் வைக்கிறாயா' என்பதற்குப் பின்னால் ஏடு இல்லை. சொல்லும் அளவுக்குப் பெரியதல்ல என்று தோன்றினால், அதை எழுதிவைக்கும் அளவுக்கும் பெரியதல்ல. இதில் நான் இன்னும் தேர்ந்துவிடவில்லை.

இவையெல்லாம் செல்லாத இடமும் உண்டு. உண்மையிலேயே ஒருவர் மேல் வீடு முழுவதும் விழுந்திருக்கும் உறவில், பாதிக்கப்பட்டவரைப் பார்த்துக் 'கணக்குப் பார்க்காதே' என்று சொல்வது அநியாயம். அங்கே கணக்கு சரி, அது வெளியே வராமல் இருப்பதுதான் தவறு. தெளிவாகக் கேட்டும் மீண்டும் மீண்டும் மறுக்கிறவரிடமோ, கேட்கவே பயப்பட வேண்டிய வீட்டிலோ, மேலே சொன்ன வழக்கங்கள் பயன்படாது. நான் எழுதுவது, இருவருக்கும் நல்லெண்ணம் இருந்தும் கெட்டுப்போகிற உறவைப் பற்றி மட்டும்.

அத்தகைய உறவில் எண்ணத் தொடங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் வேலை அல்ல என்று இப்போது நினைக்கிறேன். முதல் குழந்தை பிறக்கும் காலத்தில் தம்பதியரைத் தொடர்ந்து கவனித்த நான்சி குரோட்டும் மேலே சொன்ன கிளார்க்கும், 2001இல் வெளியிட்ட ஆய்வில், வேலைப் பங்கீடு அநியாயம் என்ற எண்ணம் மனக்கசப்பை உண்டாக்குவதைப் போலவே, முன்பே இருக்கும் மனக்கசப்பும் அந்த எண்ணத்தை உண்டாக்குகிறது என்று காட்டியிருக்கிறார்கள். என் கதையில் கசப்பின் வேர் சிறியது. தேர்வு முடிந்த வாரத்தில் எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். அந்த ஆறு மாதத்தில் நானும் களைத்துப்போனேன் என்று யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. அதை அவளிடம் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் அதைச் சொன்னேன்னே நினைச்சுட்டு இருந்தேன்," என்றாள்.

இரண்டு மாதம் முன்பு மகளின் குதிகாலில் ஒரு கொப்புளத்தைப் பார்த்தேன். காலணி சிறியதாகிவிட்டிருந்தது, நான் கவனிக்கவில்லை. அன்றே புதியது வாங்கிவிட்டு, மனைவியிடம் சொன்னேன். "செவ்வாய்க்கிழமையே பார்த்தேன். உங்க வேலை, நான் தலையிடக் கூடாதுன்னு இருந்துட்டேன்," என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். "ஜன்னல்கிட்ட நின்னு துணி நனையறதைப் பார்த்த மாதிரிதானே இது?" என்று கேட்டாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. மேற்பார்வை கூடாது என்ற எங்கள் வழக்கத்தை அன்றிரவு திருத்திக்கொண்டோம்: குழந்தைக்கு வலிக்கும் என்றால், அது யாருடைய வேலையாக இருந்தாலும், பார்த்தவர் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.